மும்பைக்குச் சரக்கு அனுப்பும் அண்ணாச்சிமார் கவனத்துக்கு: 4,60,000 ரூபாய் போச்சு

கோவில்பட்டிக் கடலைமிட்டாயை மும்பை சூப்பர் மார்க்கெட்டுகளில் ஏற்றித் தருகிறேன் என்று ஒரு சூப்பர் ஸ்டாக்கிஸ்ட் எங்கள் கம்பெனியிடம் 4,60,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார். வயிறு எரிகிறது. வேறு யாரும் மாட்டக்கூடாது.

ஆள் மாட்டுங்காத் தமிழர். அவர் சொன்ன யோசனை அத்தனையும் சரி, நம்பியதே அதனால்தான். "அண்ணாச்சி, இங்க லோனாவாலா சிக்கி சாப்பிட்டுப் பழகின வாய். தகடா, மெல்லிசா வேணும். மேல தூவுற தேங்காய்ப்பூவை விட்ருங்க, அதுதான் முதல்ல காறும். மழை மாசத்துல வெல்லம் ஈரம் இழுத்து ஒட்டும், கவர் கனமா இருக்கட்டும். தமிழ்ல மட்டும் பேர் இருந்தா கடைக்காரன் வாசிக்கமாட்டான், தேவநாகரியும் போடுங்க. கிரானா கடைக்குப் பத்து ரூபா சரம், சூப்பர் மார்க்கெட்டுக்கு 200 கிராம்." தொழில் தெரிந்தவன் பேச்சு இது. ஆனால் சந்தையை அறிந்தவன் எல்லாம் சரக்கை விற்றுக் கொடுப்பவன் இல்லை.

பிறகு லிஸ்டிங் கட்டணம் என்று 1,80,000 ரூபாய் தன் கணக்கில் வாங்கினார். அந்தப் பணத்துக்கு சூப்பர் மார்க்கெட் பெயரில் பில் வரவே இல்லை. 45 நாள் கடனில் 2,80,000 ரூபாய்ச் சரக்கு போனது. கவரில் 'விற்பனையாளர்' என்று அவர் கம்பெனிப் பெயரை அச்சிடவைத்தார். இதுதான் பெரிய கண்ணி: அந்தப் பாக்கெட்டை மும்பையில் வேறு எந்த ஸ்டாக்கிஸ்டும் தொடமாட்டார்.

நம் மிட்டாய் அடுக்கிய ஷெல்ஃப் போட்டோ ஒன்றும் வாட்ஸாப்பில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் கீழே உள்ள விலைச்சீட்டில் வேறொரு பிஸ்கட்டின் பெயர். லிஸ்டிங் ஆன பொருளுக்குக் கடையின் பொருள் எண் இருக்கும், விலைச்சீட்டும் அதன் பெயரிலேயே வரும். போட்டோவுக்காக அடுக்கிவிட்டு எடுத்திருக்கிறார்கள்.

பணம் கேட்டால் முதலில் "பர்ச்சேஸ் மேனேஜர் லீவு", அப்புறம் "கோடு இன்னும் ஓப்பன் ஆகல", அப்புறம் "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம் போட்டாத்தான் நகரும்". கடைசியில் சரக்கு பிசுபிசுத்துக் காலாவதி ஆகிவிட்டதாம், முழுத் தொகைக்கும் டெபிட் நோட் அனுப்பிவிட்டார். திரும்பி வந்த பாக்கெட் ஒன்றுகூட இல்லை. இப்போது போனையே எடுப்பதில்லை. 4,60,000 ரூபாய்! சின்னக் கம்பெனிக்கு இது ஒரு சீசன் கடலைக் கொள்முதல்.

அவசரமாகச் சொல்கிறேன். லிஸ்டிங் பணத்தைக் கடையின் ஜிஎஸ்டி பில் இல்லாமல் கொடுக்காதீர்கள். கடை கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு இறங்கியதற்கான ஜிஆர்என், இரண்டின் நகலும் கைக்கு வராமல் அடுத்த லோடு ஏற்றாதீர்கள். கவரில் உங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும். சரக்கு திரும்பி வராமல் டெபிட் நோட் ஏற்கமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள். முதல் லோடுக்குக் கடன் வேண்டவே வேண்டாம்.