டிஸ்கஸ் அபவுட்டா, டாக் அபவுட்டா?

"சம்பளத்தைப் பற்றிப் பேசினோம்" என்பதற்கு 'வீ டாக்ட் அபவுட் த சேலரி' சரி. 'வீ டிஸ்கஸ்ட் அபவுட் த சேலரி' மட்டும் ஏன் உறுத்துகிறது? இந்த இடத்தில் டாக் செயப்படுபொருள் குன்றிய வினை. பேசும் விஷயத்தை மாட்ட அதற்கு அபவுட் என்ற கொக்கி வேண்டும். டிஸ்கஸ் விஷயத்தை நேராகவே பிடித்துக்கொள்ளும்: 'வீ டிஸ்கஸ்ட் த சேலரி'. நம் 'பற்றி'தான் அங்கே அபவுட்டை இழுத்து வருகிறது. பெயர்ச்சொல்லான டிஸ்கஷனோடு அபவுட் சரியாகப் பொருந்துவது குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது.

சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் discuss என்று தேடுங்கள். பக்கத்தில் [T] இருக்கும். செயப்படுபொருள் நேராக வரும் என்று அர்த்தம். வேறொரு வினையைத் தேடும்போது [I] இருந்தால் அது செயப்படுபொருள் குன்றிய வினை; எடுத்துக்காட்டு வாக்கியங்களில் வினைக்கு அடுத்து நிற்கும் சொல்லைப் பாருங்கள். கூகுள் தேடலில் நிறைய வருகிறதே என்று நம்பிவிடாதீர்கள். பலரும் செய்யும் பிழையும் அதில் வரும்.