கடை விற்பனைப் பட்டியலைத் திருத்த ஓப்பன்ரிஃபைன்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை அடுத்துள்ள ஒரு பாத்திரக்கடையின் விற்பனைப் பட்டியலை மாதந்தோறும் ஒழுங்கு செய்து கொடுப்பது என் பொறுப்பு. பில் போடும் கவுண்டரின் பதிவுகளும், போன் ஆர்டர்களைக் குறித்துக்கொள்ளும் செயலியின் பதிவுகளும் ஒரே சிஎஸ்வி கோப்பாக வருவதால், தேதிகள் இரண்டு முறையிலும் வாடிக்கையாளர் பெயர்கள் பல விதமான எழுத்துக்கூட்டலிலும் கலந்திருக்கும். சில ஆண்டுகளாக இதற்கு ஓப்பன்ரிஃபைன் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். உலாவியில் திறந்தாலும் அது நம் கணினியிலேயே இயங்குவதால், வாடிக்கையாளர்களின் கைபேசி எண்கள் வெளியே போவதில்லை.

இந்தக் கோப்பை முதலில் வழக்கமான அட்டவணைச் செயலியில் திறந்து பார்ப்பதுதான் பெரும் கேடு. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், ஏப்ரல் 5 என்று பொருள்படும் 05-04-2024 சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும். ஆனால் 18-04-2024 என்பதற்கு 18ஆம் மாதம் இல்லையாதலால் அது வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் இந்த எழுத்துத் தேதிகளைத்தான் பலரும் பிழை என்று நினைத்துத் திருத்துகிறார்கள். உண்மையில் கெட்டுப்போனவை, வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவையே. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: ஏப்ரல் 1 முதல் 12 வரையிலான பில்கள் இப்படி மாறினால், அவை ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் 4ஆம் தேதியில் வந்து உட்காரும். இன்னும் வராத மாதங்களில் விற்பனை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓப்பன்ரிஃபைனில் கோப்பை ஏற்றும்போது, எழுத்தை எண்ணாக மாற்றும் தேர்வை எடுத்துவிட்டால் ஒவ்வொரு மதிப்பும் வந்தபடியே இருக்கும். அதன்பின் எது எந்த முறை என்பதைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் கோப்பில் கவுண்டர் தேதிகளில் சிறுகோடும், போன் செயலியின் தேதிகளில் சாய்கோடும் இருந்தன. சாய்கோட்டுத் தேதிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 04/22/2024 போன்றவை தென்பட்டதால், அங்கே மாதமே முதலில் வருகிறது என்பது உறுதியாயிற்று. ஆகவே 04/05/2024, 05-04-2024 ஆகிய இரண்டும் ஒரே நாள்தான். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர, தேதி நெடுவரிசையில் இந்தச் சூத்திரத்தை இயக்குகிறேன்:

```
if(value.contains('/'),
   value.toDate('MM/dd/yyyy'),
   value.toDate('dd-MM-yyyy')
).toString('yyyy-MM-dd')
```

மாற்றி முடித்ததும் கவுண்டர் பில்களை எண் வரிசையில் அடுக்கிப் பார்க்கிறேன். பில் எண் ஏற ஏறத் தேதி பின்னோக்கிப் போகக் கூடாது. எங்காவது போனால் அந்த வரியை நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் வரிகளுக்கு வேறு கவனம் வேண்டும். ஒரே பெயர் மீண்டும் வருகிறது என்று விற்பனை வரியை நீக்கினால், விற்பனையே கணக்கிலிருந்து போய்விடும். காலையில் குடமும் மாலையில் தாம்பாளமும் வாங்கியவருக்கு இரண்டு பில்கள் இருப்பதே சரி. அதனால் நான் வரிகளை நீக்குவதில்லை, பெயரை மட்டும் ஒன்றாக்குகிறேன். `Cluster and edit` பகுதியில் உள்ள `fingerprint` முறை, நிறுத்தக்குறிகளை நீக்கிச் சொற்களை அகர வரிசையில் அடுக்குவதால், `S. Esakkimuthu`, `Esakkimuthu S` இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. `Isakkimuthu` என்று எழுதியதைப் பிடிக்க, எழுத்து வித்தியாசத்தை எண்ணும் `levenshtein` முறை தேவை. ஆனால் நம் பெயர்களுக்கு அந்த முறையில் பெரிய ஆபத்து இருக்கிறது. `Esakkimuthu S`, `Esakkimuthu K` இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே எழுத்துதான். அந்த எழுத்தோ தகப்பன் பெயரின் தலைப்பெழுத்து. இவர்களைச் சேர்க்கலாமா என்று கடை அண்ணாச்சியிடம் கேட்டபோது, "அது பேட்டைக்காரரு, இவரு மேலப்பாளையத்துக்காரருல்லா, எப்படி ஒண்ணாகும்?" என்றார்.

அதிலிருந்து, கைபேசி எண்ணின் கடைசி 10 இலக்கங்களும் தலைப்பெழுத்தும் ஒத்துப்போனால் மட்டுமே பெயர்களைச் சேர்க்கிறேன். எண் மட்டும் போதாது. தகப்பன், மகள் இருவரும் ஒரே எண்ணைக் கொடுப்பது இங்கே வழக்கம், சீர்வரிசைப் பாத்திரம் வாங்கும் வீடுகளில் இன்னும் அதிகம்.

செய்த மாற்றங்களை `Undo / Redo` பகுதியிலிருந்து சேமித்து அடுத்த மாதக் கோப்பில் அப்படியே இயக்க முடிவது, இந்த மென்பொருளை நான் விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணம். தேதி மாற்றம் அப்படியே நடந்துவிடும், நெடுவரிசையின் பெயர் மாறாத வரையில். பெயர்ச் சேர்க்கையோ குறிப்பிட்ட எழுத்து வடிவங்களையே நினைவில் வைப்பதால், புதிதாக வந்த பெயர்களை ஒவ்வொரு மாதமும் மீண்டும் ஒருமுறை பார்த்தே சேர்க்க வேண்டியிருக்கிறது.