பார்கோடு லேபிள்: லேப் கவுண்டரிலா, இரத்தம் எடுக்கும் இடத்திலா?

பினாங்கு ஜார்ஜ்டவுன் கிளினிக்குகளிலிருந்து மாதிரி வாங்கும் ஒரு லேப், செயல்முறையில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதைத்தான்.

கவுண்டரில் ஒட்டினால், கிளினிக்கில் பிரிண்டர் தேவையில்லை. குழாயில் பெயரும் ஐசி எண்ணும் கையால் எழுதி வந்தால் போதும். ஆபத்து மொத்தமாக அச்சிடுவதில் இருக்கிறது. இருபது பேருக்கு லேபிள் எடுத்து வரிசையாக ஒட்டும்போது ஒன்று தவறினால், அதற்குப் பின் வரும் அத்தனையும் ஒரு இடம் நகர்ந்துவிடும். ஆகவே ஒரு நோயாளியின் படிவம், குழாய்கள், லேபிள் முடிந்த பிறகே அடுத்தவர் என்று செயல்முறையில் எழுதுங்கள். கையெழுத்தை மறைத்து ஒட்டவும் கூடாது. பிறகு சரிபார்க்க அது ஒன்றுதான் சாட்சி.

எடுத்துக்காட்டாக, ஒரே பையில் 'லெட்சுமி த/பெ ராமன்' என்று இரண்டு குழாய்கள். பெயர் உதவாது. ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, கடைசி இலக்கம் பெண்ணுக்கு இரட்டை எண். ஒரு குழாயில் அது ஒற்றையாக இருந்தால் எண் தவறு. லேப் தானாகத் திருத்தாமல், கிளினிக்கை அழைத்து மறுமாதிரி கேட்க வேண்டும்.

எடுக்கும் இடத்திலேயே ஒட்டினால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும். ஆனால் இரத்தம் எடுத்தபின், நோயாளியின் முன்னிலையில்தான் ஒட்ட வேண்டும். காலிக் குழாயில் முன்கூட்டியே ஒட்டினால் பயனில்லை. லேபிளைக் குழாயின் நீளவாக்கில் சுருக்கமின்றி ஒட்டாவிட்டால் ஸ்கேனர் படிக்காது.

பிரிண்டர் வைக்க முடிந்த கிளினிக்குகளுக்கு இரண்டாவது முறையே என் தேர்வு.