ஓரத்தில் நீட்டிய கிளை: கிராப், குளோன், பிரஷ்

நண்பர் ஒருவர் கேட்டார்: "படத்தோட ஓரத்துல ஒரு கிளை நீட்டிக்கிட்டு இருக்கு. ஹீல் டூல் போட்டா அழுக்கா இழுவுது. என்ன பண்றது?" பல வருடங்களாக போட்டோ எடிட்டிங்கில் இதே டூல்களோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹீல் டூல் படத்தின் நடுவில் அற்புதமாக வேலை செய்யும். முகத்துப் பரு, சுவர்ப் புள்ளி எல்லாம் ஒரே தட்டில் மறையும். ஆனால் ஓரத்துக்குப் போனால் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும். அது வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும் துண்டை, சுற்றியுள்ள நிறத்தோடு பொருத்திவிடும். ஓரத்தில் ஒரு பக்கம் நிறமே இல்லை. இருக்கும் பக்கத்தில் கிளையின் கறுப்பு. அந்தக் கறுப்பையும் சேர்த்துக் கலக்குவதால்தான் அழுக்கு இழுப்பு வருகிறது.

அவர் அனுப்பிய படம் 6000 × 4000 பிக்சல். வலது ஓரத்திலிருந்து சுமார் 150 பிக்சல் உள்ளே கிளை, பின்னால் வானம். கிராப் செய்து அந்த ஓரத்தில் 200 பிக்சல் வெட்டினால் போதும். ஆனால் 3:2 விகிதம் மாறக்கூடாதென்றால் உயரத்திலும் 133 பிக்சல் போகும். பிக்சல் இழப்பு பெரிதில்லை. படத்தில் இருக்கும் குழந்தையின் பாதம் கீழ் ஓரத்தை ஒட்டி நிற்பதுதான் சிக்கல். மேல் பக்கம் மட்டும் வெட்டினால் தலைக்கு மேலே இடம் நெருக்கிவிடுகிறது.

பிரஷ்ஷால் வானத்தை வரைவது எனக்குப் பிடிக்காது. நிறம் சரியாக வந்தாலும் அந்த இடம் மட்டும் பிளாஸ்டிக் போல வழவழப்பாக நிற்கும். சுற்றிலும் பொடிப்பொடிப் புள்ளிகளாக இருக்கும் நாய்ஸ் அங்கே இருக்காது.

அதனால் குளோன், அதாவது ஓரிடத்துப் பிக்சலை நிறம் மாற்றாமல் அப்படியே நகலெடுத்து ஒட்டும் டூல். கிளை ஓரத்தைத் தொடும் கடைசி 40 பிக்சலை மட்டும் முதலில் குளோன் செய்தேன். சோர்ஸை இடப்பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. லென்ஸ் காரணமாக ஓரம் சற்று இருண்டிருக்கும், உள்ளே இருந்து எடுத்தால் வெளுத்த திட்டு தெரியும். கிளைக்குச் சற்றுக் கீழே, அதே ஓரத்திலிருந்து எடுத்தேன். பிரஷ் ரொம்ப மென்மையாக இருந்தால் விளிம்பில் நாய்ஸ் மங்கிவிடும், பாதி கடினம் சரி. அப்புறம் கிளைக்கும் ஓரத்துக்கும் நடுவே சுத்தமான வானம் கிடைத்தது. மிச்சக் கிளையைச் சுற்றி நாலாபுறமும் வானம்தான். அதன் மேல் சற்றுப் பெரிய ஹீல் பிரஷ் ஒன்றே போதுமாக இருந்தது, இழுப்பே இல்லை. இந்த வரிசையைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

சரிபார்க்க, மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு கான்ட்ராஸ்டைக் கண்டபடி ஏற்றுங்கள். ஒட்டுப் போட்ட இடம் திட்டாகத் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. பார்த்ததும் லேயரை நீக்கிவிடலாம்.

இவ்வளவு புகழ்ந்தும் சொல்கிறேன்: பாதம் போன்ற தடை எதுவும் இல்லாத படமென்றால் நான் குளோன் பக்கமே போகமாட்டேன், வெட்டிவிடுவேன். ஓரமில்லாமல் பிரின்ட் போட்டால் கடையில் 3 மில்லிமீட்டர் வரை அவர்களே வெட்டக்கூடும். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது கிட்டத்தட்ட 35 பிக்சல். அந்த 35 பிக்சலுக்குள் இருக்கும் கறைக்காக ஹீல் டூலோடு சண்டை போட எனக்குப் பொறுமை இல்லை.