பக்கமா, சொல்லா, ஆவணமா: மொழிபெயர்ப்பு, தட்டச்சுக் கடையின் அறிவிப்பு வாசகத்தில் கட்டணத்தை எப்படிச் சொல்வது?

தஞ்சாவூர்ப் பக்கத்தில் தமிழ், ஆங்கில ஆவணங்களை மொழிபெயர்த்தும் தட்டச்சு செய்தும் கொடுக்கும் கடையை நடத்தி வருகிறேன். கடையின் முகப்பிலும் வாட்ஸ்அப் நிலைப்படத்திலும் போடுவதற்காக நான்கு வரி வாசகம் ஒன்றை எழுத உட்கார்ந்தபோது, எதை அலகாக வைத்துக் கட்டணத்தைச் சொல்வது, எந்த நேரத்திலிருந்து அவகாசத்தைக் கணக்கிடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் காண்பதற்குள் பல நாட்கள் ஆகிவிட்டன. மூன்று வாசகங்களை எழுதி, ஒரே ஆவணத்தை மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் தொகைகள் என் கடையின் கணக்கு மட்டுமே. ஊருக்கு ஊர் அவை மாறும்.

முதல் வாசகம் எல்லோரும் எழுதுவது: “தமிழ் – ஆங்கிலம் மொழிபெயர்ப்பு. பக்கத்துக்கு 300 ரூபாய். 24 மணி நேரத்தில் கிடைக்கும்.” இரண்டாவது: “மூல ஆவணத்தின் ஒரு சொல்லுக்கு 1 ரூபாய் 50 காசு. நாளொன்றுக்கு 2,000 சொற்கள் வரை.” மூன்றாவது: “பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ் ஒன்றுக்கு 350 ரூபாய், பத்திரங்களுக்குப் பார்த்த பின் மொத்தத் தொகை.”

சோதனைக்கு எடுத்துக்கொண்டது 1968-ஆம் ஆண்டின் கிரயப் பத்திரம். மகனின் வெளிநாட்டுப் படிப்புக்கான விசா விண்ணப்பத்தில் சொத்து ஆதாரமாக இணைப்பதற்கு, ஒரு விவசாயி அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேட்டு வந்தார். முத்திரைத் தாள் ஐந்து, முழுவதும் கையெழுத்து, கீலக வருஷம் ஆவணி மாதம் என்று தமிழ்க் கணக்கிலும் அதற்கு நேரான ஆங்கிலத் தேதியிலும் எழுதியது. கடைசித் தாளில் சொத்து விவரமும் நான்கெல்லையும் இருந்தன.

பக்கக் கணக்கில் இந்தப் பத்திரத்துக்கு என்ன தொகை என்று பார்த்தால், முதலில் எது பக்கம் என்ற கேள்வி வருகிறது. வாடிக்கையாளரின் கையில் இருப்பது ஐந்து தாள். அப்படியானால் 1,500 ரூபாய். அதை ஏ4 தாளில் 12 புள்ளி எழுத்தில், ஒன்றரை வரி இடைவெளியில் தமிழில் தட்டினால் நான்கு பக்கம் வருகிறது. அப்படியானால் 1,200 ரூபாய். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பக்கத்துக்கு 250 சொல் வரும்படி இரட்டை வரி இடைவெளி விட்டு அடித்தால் ஆறு பக்கம் ஆகிறது, 1,800 ரூபாய். ஒரே வேலைக்கு மூன்று தொகைகள் வருகின்றன, மூன்றுமே வாசகத்தின்படி சரியானவை. வாடிக்கையாளர் குறைந்ததை எதிர்பார்த்து வருவார், கடைக்காரர் அதிகமானதைக் கேட்பார். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆகவே மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கை எழுதக்கூடாது என்பதே என் முடிவு.

ஆனால் தட்டச்சுக்கு அதே பக்கக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. தட்டச்சில் வாடிக்கையாளர் வாங்கிச் செல்வது பக்கத்தைத்தான். அதன் அளவை வாசகத்திலேயே சொல்லிவிட்டால் சச்சரவு இல்லை. “ஏ4, 12 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி” என்ற ஒரு தொடர் போதும். அதனுடன் கோப்பு யூனிகோடில் தரப்படும் என்றும் எழுத வேண்டும். பழைய வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகள்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக ஏற்ற பிறகும் பழைய எழுத்துருவிலேயே கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அப்படியே தரலாம். ஆனால் எதுவும் கேட்காமல் வருகிறவருக்கு எது கிடைக்கும் என்பது வாசகத்தில் தெரிந்தாக வேண்டும்.

சொற்கணக்கு நேர்மையானது என்றே நான் தொடக்கத்தில் நம்பினேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்யும்போது இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறேன். ஆங்கில மூலத்தின் சொற்களைக் கணினி எண்ணிவிடும்; வேலை தொடங்குவதற்கு முன்பே இருவருக்கும் தொகை தெரிந்துவிடும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை. “இந்தச் சொத்தைத் தங்களுக்கு விற்றுவிட்டபடியால்” என்பது தமிழில் நான்கு சொல். அதைச் சாதாரண ஆங்கிலத்தில் எழுதினால் எட்டுச் சொல் வருகிறது. வேற்றுமை உருபும் துணைவினையும் தமிழில் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அவை தனித்தனியே நிற்கின்றன. நம் பத்திரத்தைத் தட்டி முடித்தபோது தமிழில் 840 சொல் இருந்தது. மொழிபெயர்த்து முடித்தபோது ஆங்கிலத்தில் ஏறத்தாழ 1,300. மூலத்தை எண்ணினால் 1,260 ரூபாய், மொழிபெயர்ப்பை எண்ணினால் 1,950 ரூபாய். எனவே “சொல்லுக்கு” என்று மட்டும் எழுதும் வாசகம் பக்கக் கணக்கைப் போலவே ஏமாற்றத்துக்கு இடம் தருகிறது. “மூல ஆவணத்தின் சொல்லுக்கு” என்று எழுதினால்தான் அது ஒரு வாக்குறுதியாகிறது.

அப்படி எழுதினாலும் கையெழுத்துப் பத்திரத்தில் இன்னொரு இடறல் இருக்கிறது. பழைய எழுத்தர்கள் சொற்களுக்கு நடுவே சீராக இடம் விடுவதில்லை. “எழுதிக்கொடுத்த” என்பதை ஒன்றாகவும் அடிக்கலாம், இரண்டாகவும் அடிக்கலாம். இடத்தைச் சற்றுத் தாராளமாக விட்டு அதே பத்திரத்தை எண்ணிப் பார்த்தபோது 840 என்பது 890 ஆனது. 75 ரூபாய் கூடுகிறது. ஆண்டு, மாதம், நாள் என்பவற்றுக்குப் பதிலாக ௵, ௴, ௳ என்ற குறிகளும், மேற்படி என்பதற்கு ௸ என்ற குறியும் அதில் நிறைய இருந்தன. எண்ணோடு ஒட்டி எழுதிய குறியைக் கணினி தனிச் சொல்லாக எண்ணுவதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பவர் அதை வாசித்து, பொருள் கண்டு, எழுதித்தான் ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டி முடிக்கும் வரை எத்தனை சொல் என்பதே தெரியாது. தொகை தெரியாமல் வேலையைக் கொடுத்துவிட்டுப் போகும்படி ஒருவரைக் கேட்பது முறையாகாது.

அதனால்தான் மூன்றாவது வாசகத்தின் பக்கம் சாய்ந்தேன். சான்றிதழ்கள் ஓர் அச்சில் வார்த்தவை: பெயர், பெற்றோர் பெயர், தேதி, இடம், பதிவு எண், வழங்கிய அலுவலரின் முத்திரை. சொற்கள் குறைவு, உழைப்பு முழுவதும் பெயர்களிலும் எண்களிலும் இருக்கிறது. சொற்கணக்கில் பார்த்தால் ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு 200 ரூபாய்கூட வராது. ஆனால் அதன் வடிவத்தை அமைப்பதற்கும், மங்கிய முத்திரையை வாசிப்பதற்கும், மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியை இணைப்பதற்கும் ஒரு மணி நேரம் போய்விடும். ஆவணம் ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்வதே அங்கே இரு தரப்புக்கும் பொருந்தும். பத்திரத்தைப் பொறுத்தவரை, பத்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு மொத்தத் தொகையைச் சொல்லி, அதை ரசீதில் எழுதிக் கொடுத்து, பிறகு மாற்றாமல் இருப்பது நல்லது. நம் விவசாயிக்கு நான் சொன்னது 1,600 ரூபாய். அதில் சொத்து விவரப் பகுதிதான் அதிக நேரம் எடுத்தது. நிலத்தின் அளவு மா, குழி என்று இருந்தது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அதை ஏக்கராக மாற்றித் தரும்படி அவர் கேட்டார். நான் மறுத்துவிட்டேன், மூலத்தில் இல்லாத ஓர் எண்ணை மொழிபெயர்ப்பில் நுழைத்தால், சரிபார்ப்பவர் அதையே பிழையாகக் காட்டலாம். அளவின் பெயரை அப்படியே ஒலிபெயர்த்து, அது உள்ளூர் நில அளவு என்று அடைப்புக்குறிக்குள் குறித்தேன்.

அவகாசத்துக்கு வருகிறேன். மூன்று வாசகங்களிலும் மிகவும் ஆபத்தானது “24 மணி நேரத்தில்” என்ற தொடர்தான். அந்தப் பத்திரம் திங்கட்கிழமை காலை 11 மணிக்கு வந்தது. வாசித்துத் தட்டுவதற்கு மூன்று மணி நேரமும் மொழிபெயர்ப்புக்கு நான்கு மணி நேரமும் ஆயின. செவ்வாய் காலைக்குள் வரைவு தயார். ஆனால் மகனுடைய தாத்தாவின் பெயரையும் தந்தையின் பெயரையும் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பது அந்த மகனின் கடவுச்சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். லட்சுமணன் என்ற ஒரு பெயரை மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். கடவுச்சீட்டில் ஒன்றும் மொழிபெயர்ப்பில் இன்னொன்றும் இருந்தால், இருவரும் ஒருவர்தானா என்ற கேள்வி எழும். கடவுச்சீட்டின் நகல் புதன்கிழமை மாலைதான் வந்தது. வேலை வெள்ளிக்கிழமை கைமாறியது. முதல் வாசகத்தின்படி நான் மூன்று நாள் தவறியவன். “பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் தெளிவான நகலும் கிடைத்ததிலிருந்து இரண்டு வேலை நாள்” என்று எழுதியிருந்தால் சொன்ன நாளில் கொடுத்தவன். வரியின் நீளம் சற்றுக் கூடுகிறது. ஆனால் கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பதையும் அதே வரி வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுகிறது.

நாளொன்றுக்கு 2,000 சொல் என்ற கணக்கு அச்சிட்ட மூலத்துக்கு மட்டுமே சரிவரும். கையெழுத்துப் படிக்கு அதில் பாதிகூட எட்டாது. மேலும் சரிபார்ப்பு நேரத்தை அதற்குள் அடக்க முடியாது. எண், தேதி, பெயர் மூன்றையும் இன்னொருவர் மூலத்தோடு வைத்து வாய்விட்டு வாசித்து ஒத்துப்பார்ப்பது எங்கள் வழக்கம்.

சான்றுரைக்கும் நோட்டரிக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று வாசகங்களுமே விட்டுவிட்டன. பிரிட்டன் விசாவுக்கு மொழிபெயர்ப்பு துல்லியமானது என்ற உறுதி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவை வேண்டும். அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு, மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்பதோடு, மொழிபெயர்த்தவர் அதற்குத் தகுதியுள்ளவர் என்ற அவருடைய சான்றும் வேண்டும். இவற்றை நாங்களே தருகிறோம். நோட்டரியின் கையொப்பம் வேறு. 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது, அதற்கான கட்டணம் அவருக்கு உரியது. இலங்கையில் நீதிமன்றத்தின் முன் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அங்கே கேட்கும் முத்திரையை இங்கிருந்து நாங்கள் தர முடியாது. வாசகத்தில் “சான்றுரை உட்பட, நோட்டரி கட்டணம் தனி” என்ற ஐந்து சொற்கள் இருந்தால், பணம் வாங்கும் நேரத்தில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றிலிருந்தும் எடுத்துக் கடை முகப்பில் இப்போது தொங்குவது இதுதான்:

“தமிழ் – ஆங்கிலம் மொழிபெயர்ப்பு, தட்டச்சு. சான்றிதழ் ஒன்றுக்கு 350 ரூபாய், ஒரு வேலை நாள். பத்திரம்: பார்த்தபின் மொத்தத் தொகை ரசீதில் எழுதித் தரப்படும், இரண்டு வேலை நாள் முதல். அச்சிட்ட நீண்ட ஆவணம்: மூலத்தின் சொல்லுக்கு 1 ரூபாய் 50 காசு. தட்டச்சு: ஏ4, 12 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி, யூனிகோடு, பக்கத்துக்கு 40 ரூபாய். பெயர்களின் எழுத்துக்கூட்டலும் தெளிவான நகலும் கிடைத்ததிலிருந்து நாள் கணக்கு. சான்றுரை உட்பட, நோட்டரி கட்டணம் தனி.”

நான்கு வரியில் அடங்கவில்லை. பலகையை ஓர் அடி நீளமாகச் செய்யச் சொன்னேன்.