பாமினியில் தட்டிய மலரை ஒருங்குறிக்கு மாற்றுதல்: ஒட்டி எடுப்பதா, கோப்புக்குள்ளேயே மாற்றுவதா?

எங்கள் ஊர் வாசிகசாலையின் பழைய ஆண்டு மலர் ஒன்றை மறுபதிப்புச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கையில் கிடைத்தது ஒரு வேர்ட் கோப்பு மட்டுமே. திறந்தால் பக்கம் முழுவதும் jkpo; என்பது போன்ற எழுத்துகள். பாமினி எழுத்துருவை நிறுவியதும் எல்லாம் தமிழாகத் தெரிந்துவிட்டது. ஆகவே எதுவும் அழிந்துவிடவில்லை. கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. j-க்குரிய இடத்தில் 'த' வடிவத்தையும் k-க்குரிய இடத்தில் 'ம' வடிவத்தையும் அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அப்படித் தெரியும் தமிழில் ஒரு பெயரைத் தமிழில் தட்டித் தேட முடியாது, எழுத்துரு இல்லாத கைபேசியில் மீண்டும் jkpo; ஆகிவிடும்.

மாற்றுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முழு உரையையும் நகலெடுத்து ஒரு மாற்றியில் ஒட்டி, வரும் ஒருங்குறி உரையைப் புதிய கோப்பில் மீண்டும் வடிவமைப்பது. மற்றொன்று, .docx கோப்பைத் திறந்து, பாமினி எழுத்துரு இட்ட துண்டுகளை மட்டும் இருந்த இடத்திலேயே ஒரு சிறு நிரலால் மாற்றுவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

ஒட்டி எடுக்கும் வழி விரைவானது. அதில் தடித்த எழுத்தும் அட்டவணையும் அடிக்குறிப்பும் போய்விடும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதைவிடப் பெரிய இழப்பு, எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடுவதுதான். மாற்றிக்கு எல்லாமே பாமினி. ஆகவே இடையில் வேறு எழுத்துருவில் இருந்த the என்ற ஆங்கிலச் சொல் 'வாந' ஆகிறது. Colombo என்பது 'ஊழடழஅடிழ' ஆகிறது. இவை கண்ணில் படும். நன்கொடைப் பட்டியலில் டைம்ஸ் எழுத்துருவில் இருந்த 1,250 என்ற தொகை '1இ250' என்று மாறுவது எளிதில் படாது. பாமினியில் காற்புள்ளி விசை 'இ'யைத் தரும். காற்புள்ளி வேண்டுமானால் > விசையைத் தட்ட வேண்டும். இணையத்தில் பழைய இலங்கைக் கட்டுரைகளில் காற்புள்ளி வரவேண்டிய இடங்களில் 'இ' நிற்பதைக் கண்டவர்களுக்கு அதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது ரகரம். பாமினியில் 'ர'வுக்கு u, துணைக்காலுக்கு h. ஆனால் பழைய அச்சில் 'ர்', 'ரி' ஆகியவை கீழ்க்கோடு இல்லாமல் துணைக்கால் வடிவிலேயே இருந்ததால், தட்டச்சாளர் பலர் 'அவர்கள்' என்பதை mtu;fs; என்று தட்டாமல் mth;fs; என்று தட்டினார்கள். தாளில் அது சரியாகவே, சொல்லப்போனால் அழகாகவே, இருந்தது. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் 'அவா்கள்' வருகிறது: வகரம், துணைக்கால், அதன் மேல் புள்ளி. பல எழுத்துருக்களில் இதற்கும் சரியான வடிவத்துக்கும் வேறுபாடு தெரிவதே இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் கடந்துபோய்விடுவார். தேடுபொறியோ அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளாது. 'தெரிந்து' இன்னும் மோசம். njhpe;J என்று தட்டப்பட்டிருந்தால், மாற்றி முதலில் ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து 'தொ' ஆக்கிவிட்டு, அதன் பின் இகரக் குறியை ஒட்டி 'தொிந்து' என்று தருகிறது. அதற்குப் பிறகு திருத்துவது சிக்கல்.

இதற்கு ஒரு பாதுகாப்பான தீர்வு உண்டு. துணைக்காலை அடுத்துப் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ தமிழில் வரவே முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முன்பே, பாமினி நிலையிலேயே, அந்த h-ஐ u ஆக்கிவிடலாம்:

```python
import re

def fix_ra(s):
    return re.sub(r'h(?=[;pP])', 'u', s)
```

ஒட்டும் மாற்றிகளில் சில இதைக் கவனிக்கின்றன, சில கவனிப்பதில்லை. நாம் உள்ளே பார்க்க முடியாது. சொந்த நிரலில் விதி நம் கையில் இருக்கிறது. அதைவிட முக்கியம், மூலக் கோப்பு அப்படியே இருப்பதால், பாதி வழியில் ஒரு புதிய பிழை வகை தென்பட்டால் விதியைச் சேர்த்து முழு மலரையும் மீண்டும் ஓட்டலாம். ஒட்டி, கையால் வடிவமைத்து முடித்த கோப்பில் அதே பிழை தென்பட்டால் வடிவமைப்பையும் மறுபடி செய்ய வேண்டும், அல்லது ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும்.

கோப்புக்குள் மாற்றுவதிலும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, ஒரு பத்தியை வேர்ட் பல துண்டுகளாகப் பிரித்து வைக்கும். யாரோ இடையில் ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தாலே பிரிவு விழும். 'கொடுத்தான்' என்பதன் n ஒரு துண்டிலும் fhLj;jhd; அடுத்த துண்டிலும் இருந்தால், கொம்பு தனியாகவும் 'காடுத்தான்' தனியாகவும் மாறும். ஒரே வடிவமைப்புள்ள அடுத்தடுத்த துண்டுகளை முதலில் ஒன்றாக்கிவிட்டே மாற்ற வேண்டும். எழுத்துருப் பெயர் துண்டில் இல்லாமல் பாணியில் மட்டும் குறிக்கப்பட்டிருக்கவும் கூடும்; அதையும் பார்க்காவிட்டால் முழுப் பத்திகள் மாறாமல் தங்கிவிடும்.

இரண்டாவது, தோற்றம். பாமினி உரை வேர்டின் கணக்கில் ஆங்கிலம். ஒருங்குறித் தமிழோ சிக்கல் வரிவடிவம் என்ற வேறு வகை. அந்த வகைக்கு எழுத்துரு, தடிமன், அளவு எல்லாம் தனிப் பெயர்களில் இருக்கின்றன. உரையை மட்டும் மாற்றினால் 14 புள்ளித் தடித்த தலைப்பு சாதாரண எழுத்தாகச் சுருங்கிவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் இணையான குறிகளையும் சேர்க்க வேண்டும். அளவு அரைப்புள்ளிகளில் இருப்பதால் 14 என்பது 28 ஆகிறது:

```xml
<w:rFonts w:cs="Noto Serif Tamil"/>
<w:b/><w:bCs/>
<w:sz w:val="28"/><w:szCs w:val="28"/>
```

இதைச் செய்த பின் அட்டவணைகளும் தலைப்புகளும் இருந்தபடியே நின்றன. ஆனால் வரி முறிவுகளும் பக்க எண்களும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எழுத்துகளின் அகலம் மாறுவதால் உள்ளடக்கப் பக்கத்தைப் புதிதாக்கியே ஆக வேண்டும். இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நேர்ப்படுத்திய பட்டியல்களை எந்த வழியும் காப்பாற்றாது. அவற்றை அட்டவணையாக்கிவிடுவதே நல்லது.

கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்று மிஞ்சும்: ஔகாரம். பாமினியில் அதன் வலப்பகுதிக்கும் 'ள'வுக்கும் ஒரே விசை என்பதால் nfsutk; என்பது 'கௌரவம்' ஆகவும் 'கெளரவம்' ஆகவும் படிக்கத்தக்கது. கொம்பு பெற்ற எழுத்தை அடுத்து வரும் 'ள' எந்தக் குறியும் இல்லாமல் தனித்து நின்றால் ஔகாரம் என்று கொண்டேன். கட்டுரைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. பேச்சுவழக்குச் சிறுகதையில் 'கெளம்பு' போன்ற சொல் வந்தால் அது தவறும் என்பதால், அத்தகைய இடங்களை நிரலைக் கொண்டே பட்டியலாக எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நான் இதைச் செய்தது வேர்ட் கோப்பில், பாமினி என்ற ஒரே குறியாக்கத்தில்தான். டிஸ்கி, டாப், டாம், வானவில் போன்றவற்றுக்கு எழுத்து அட்டவணை வேறு. அவற்றில் ரகரச் சிக்கல் இதே அளவு இருக்குமென்று உறுதி சொல்லமாட்டேன். பிடிஎஃப் மட்டுமே எஞ்சியிருந்தால் எழுத்துணரி வழியையும் யோசிக்கலாம், ஆனால் அதில் வரும் பிழைகள் விதிக்குள் அடங்காதவை. முழுக்கத் தமிழிலேயே உள்ள இரண்டு பக்கக் கடிதத்துக்கு நிரல் எழுதுவது வீண் வேலை. அதை மாற்றியில் ஒட்டி எடுத்து, முடிவில் 'ா்', 'ாி', 'ாீ' ஆகியவற்றையும், 'தொிந்து' போன்றவற்றுக்காக 'ொ', 'ோ' குறிகளை அடுத்து வரும் அதே குறிகளையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டால் போதும்.