ஒரு காலிப் பீடமும் பத்து வருடமும்: டார்க் சோல்ஸ் அனுபவம்

டார்க் சோல்ஸ் என்ற வீடியோ விளையாட்டின் முதல் பாகத்தை நான் முதன்முதலாக முடித்தது 2012-ல், கணினிப் பதிப்பு வந்த புதிதில். முடித்த கையோடு நண்பனுக்கு போன் போட்டு, "சண்டையெல்லாம் பிரமாதம்டா, கதைதான் ஒண்ணுமே இல்ல" என்றேன். அவன் திருப்பி ஒன்றே ஒன்று கேட்டான். "அனோர் லோண்டோவுல ஒரு பீடம் காலியா இருந்துச்சே, அது யாரோடது?"

நான் எந்தப் பீடத்தையும் பார்த்திருக்கவில்லை. அந்த நகரத்தில் நான் பார்த்ததெல்லாம் என்னை விளிம்பிலிருந்து தள்ளிவிட்ட இரண்டு வில்வீரர்களை மட்டும்தான்.

அதற்குப் பிறகு இந்த விளையாட்டை நாலு முறை முழுதாக ஆடிவிட்டேன். கடைசி இரண்டும் 2018-ல் வந்த ரீமாஸ்டர் பதிப்பில். சண்டையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் காலிப் பீடத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். வீடியோ ஓட்டிக் கதை சொல்லாத ஒரு விளையாட்டில் எதை, எப்படிப் பார்ப்பது என்பதை அது ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம். முதல் பாகம், மூன்றாம் பாகம் இரண்டின் ரகசியங்களும் கீழே வருகின்றன. ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

விளையாட்டின் தொடக்க வீடியோ க்வின் என்ற ஒளியின் அரசனைக் காட்டும். டிராகன்களை அவன் மின்னலால் வீழ்த்துவான். அவனுக்கு ஒரு மூத்த மகன் இருந்தான் என்று அந்த வீடியோவில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மகன் இருந்ததற்கான முதல் தடயம் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, சிவப்பு டிராகன் நெருப்பு கக்கும் பாலத்தைத் தாண்டியதும் இருக்கிறது. அங்கே சூரிய ஒளியின் பலிபீடம் என்று ஓர் இடம். மேலே வெயில் விழுகிறது, நடுவில் ஒரு சிலை. சிலை என்று சொல்வதே அதிகம், மேல்பாகம் முழுக்கப் போய்விட்டது. டிராகனிடம் தப்பித்து மூச்சு வாங்கிக்கொண்டு வரும் நேரம் என்பதால் அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எதுவும் தோன்றியிருக்காது, ஏனென்றால் அந்த ஊரில் எல்லாமே உடைந்துதான் கிடக்கிறது. சுவர், கூரை, படிக்கட்டு, எதுவும் முழுசாக இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சிலையும் உடைந்திருப்பதில் என்ன செய்தி இருக்கிறது?

அனோர் லோண்டோவுக்குப் போனால் நிலைமை தலைகீழ். அது கடவுளர்களின் நகரம். தரை பளபளக்கிறது, தூண்களில் கீறல் இல்லை, சிலைகள் வரிசையாக, சுத்தமாக நிற்கின்றன. தலைமைக் கட்டடத்துக்குள் க்வினுக்குச் சிலை இருக்கிறது, மகள் க்வினவியருக்கும் இருக்கிறது. மகனுக்கு உரிய இடத்தில் மட்டும் சிலை இல்லை, பீடம்தான் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும் இடத்தில் ஒன்று மட்டும் இல்லையென்றால், அது தானாகப் போயிருக்காது. யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறொன்றை வைக்கவும் இல்லை.

இது எனக்குப் பிடிபட்டது மூன்றாவது ஆட்டத்தில்தான். அதற்குப் பிறகு ஓர் இடத்துக்குள் நுழைந்தால் முதலில் இந்த ஊரின் சகஜநிலை என்ன என்றுதான் பார்க்கிறேன். இடிந்த ஊரில் முழுதாக நிற்பதையும், முழுதான ஊரில் இடிந்து கிடப்பதையும் குறித்துக்கொள்கிறேன். பொருட்களைத் தனித்தனியாக உற்று உற்றுப் பார்ப்பதைவிட இதில் பலன் அதிகம். வெறும் "கவனமாகப் பாருங்கள்" என்ற அறிவுரையால் எனக்கு ஒரு பயனும் இருந்ததில்லை. எதோடு ஒப்பிட்டுக் கவனிப்பது என்று யாரும் சொல்லவில்லை.

பீடம் காலி என்று தெரிந்த பிறகு பையில் கிடந்த பொருட்களெல்லாம் பேச ஆரம்பித்தன. சூரிய வீரர்களின் பதக்கம் ஒன்று உண்டு. பல மாதமாக என்னிடம் இருந்தது, அதன் குறிப்பை ஒரு நாளும் படித்ததில்லை. அந்தச் சூரியச் சின்னம் க்வினின் மூத்த மகனைக் குறிப்பது என்றும், அவன் கடவுள் பதவியை இழந்து வரலாற்றுப் பதிவுகளிலிருந்தே நீக்கப்பட்டவன் என்றும் அதில் இருக்கிறது. இன்னொரு மோதிரம் அவன் போர்க் கடவுளாக இருந்தவன் என்கிறது. அவனுடைய முட்டாள்தனத்தால் எல்லாம் போயிற்று, இன்று அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது என்கிறது. ஆக, பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்த உடைந்த சிலையும் இங்கே இருக்கும் காலிப் பீடமும் ஒரே ஆளுடையவை. கடவுளர்கள் துடைத்தெறிந்த ஒருவனைக் கீழே மனிதர்கள் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மோதிரத்தில் 'முட்டாள்தனம்' என்று ஒரு சொல் வருகிறதே, அதை அப்போது நான் அப்படியே நம்பிவிட்டேன். பொருள் குறிப்பு என்றால் விளையாட்டே சொல்லும் உண்மை என்ற நினைப்பு. அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவை அழித்தவர்கள் எழுதிய பதிவு அது. கோயில் சுவரில் யார் எழுதியது என்று பார்க்காமல் கல்வெட்டைப் படிப்பது மாதிரி.

அனோர் லோண்டோ இன்னொரு பாடமும் நடத்தியது. அந்த நகரம் முழுக்க மாலை வெயில் அடிக்கிறது. மேலே அறையில் க்வினவியர் பிரமாண்டமாகச் சாய்ந்து உட்கார்ந்து நம்மை வரவேற்கிறாள். ஆனால் ஒரு மோதிரத்தின் குறிப்பில், அவள் மற்ற பல தெய்வங்களோடு இந்த நகரத்தை விட்டுப் போய்விட்டாள், வேறொருவனை மணந்துகொண்டாள் என்று இருக்கிறது. போனவள் எப்படி இங்கே உட்கார்ந்திருக்கிறாள்? இந்த முரணைக் கண்டவர்கள் ஒரு அம்பை எய்து பார்த்தார்கள். அவள் மறைந்தாள், அவளோடு சூரியனும் மறைந்தது. நகரம் இருண்டுவிட்டது. அந்த வெயிலே அவள் தம்பி க்விண்டோலின் போட்ட மாயை. ஆளே இல்லாத தெருக்களை முதல் ஆட்டத்தில் நான் "விளையாட்டுதானே, இப்படித்தான் இருக்கும்" என்று கடந்து போயிருந்தேன். தெருக்கள் காலியாக இருந்ததற்குக் காரணம், எல்லோரும் போய்விட்டதுதான்.

எழுத்து ஒன்று சொல்லி இடம் வேறொன்றைக் காட்டினால், இரண்டில் ஒன்று பொய். அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

நான் தப்பாகப் படித்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பெரிதாக ஓடிய ஒரு கணிப்பு, சொலேர் என்ற சூரிய வீரன்தான் தொலைந்துபோன அந்த மூத்த மகன் என்பது. பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறான், நெஞ்சில் சூரியன், கையில் மின்னல். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும், அதனால் கணிப்பும் பிடித்துவிட்டது. ஆனால் அவன் கவசத்தின் குறிப்பிலேயே அந்தச் சூரியனை அவனே வரைந்துகொண்டான், அதற்கு எந்தச் சக்தியும் இல்லை என்று எழுதியிருக்கிறது. படித்தேன், படித்துவிட்டு, "வேண்டுமென்றே மறைக்கிறார்கள்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதிரான சான்றையும் ஆதரவான சான்றாக மாற்றும் நிலைக்கு வந்துவிட்டால், நாம் பார்ப்பதை விட்டு ஆசைப்பட ஆரம்பித்துவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொன்று லாஸ்ட் இஸலித். எரிமலைக் குழம்பு நிறைந்த அந்தப் பகுதியில் டிராகனின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி மட்டும் நடமாடுகிற எதிரிகள் ஒரு கூட்டமே இருக்கும். ஏன் பாதி உடல், மீதி எங்கே என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மேலே ஓரிடத்தில் பார்த்த செத்த டிராகனின் அதே கால்கள்தான் அவை. ஒரு மாடலை எடுத்து இங்கே நகல் நகலாகப் போட்டிருக்கிறார்கள் என்பதைத் தாண்டி எதுவும் தேறவில்லை. செய்ததை மறுபடி பயன்படுத்துவது எல்லா விளையாட்டிலும் உண்டு. ஒரே பொருள் சம்பந்தமில்லாத பல இடங்களில், ஒரே கோணத்தில், ஒரே இடைவெளியில் வந்தால் நான் இப்போது கதை தேடுவதில்லை. பீடம் அப்படியல்ல, அதற்குச் சாட்சி மூன்று வகையில் இருந்தது: இரண்டு வெவ்வேறு இடங்கள், இரண்டு பொருட்களின் குறிப்புகள், க்வினின் கல்லறையருகே கிடைக்கும் மூத்த மகனின் மந்திரம் ஒன்று. இடம், பொருள், எழுத்து இந்த மூன்றில் இரண்டாவது ஒத்துப்போகாமல் இப்போதெல்லாம் நான் எதையும் நம்புவதில்லை.

பழக்கம் என்று பார்த்தால் நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். ஒரு பகுதியில் எதிரிகளைத் தீர்த்த பிறகு, வந்த வழியே ஒரு முறை திரும்பி நடக்கிறேன். முன்னால் போகும்போது கண் எதிரியைத் தேடும். திரும்பி வரும்போதுதான் சுவரைப் பார்க்கும். கிடைத்த பொருளின் குறிப்பை அது கிடந்த இடத்திலேயே நின்று படிக்கிறேன், இரவு மொத்தமாகப் படித்தால் எது எங்கே கிடந்தது என்பது போய்விடும். தொடக்கத்தில் பரிசாகத் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் தொலைநோக்கியை எல்லோரும் வீண் என்பார்கள். அரக்கர்களின் கல்லறைப் பகுதியில் ஒரு விளிம்பில் நின்று அதன் வழியே பாருங்கள். தூரத்தில் இஸலித் பக்கத்து நெருப்பும் சாம்பல் ஏரியின் பெருமரங்களும் தெரியும். பின்னணிப் படம் என்று நினைத்தவையெல்லாம் பிறகு நாம் நடந்து போகப்போகும் இடங்கள்.

மூன்றாம் பாகம் 2016-ல் வந்தது. அதில் ஒரு சிறைச்சாலையின் வெளிப்புறப் பாறைமேல், மடித்த கால்களோடு ஓர் உலர்ந்த உடல் தியானத்தில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் போய் அதே நிலையில் நாமும் உட்கார வேண்டும். அம்புக்குறி கிடையாது, அறிவிப்பு கிடையாது. பழைய பழக்கம் கைகொடுத்தது, உட்கார்ந்தேன். திரை மங்கி, மேகங்களுக்கு மேலே ஒரு மலைச்சிகரத்தில் கண் விழித்தேன்.

அந்தச் சிகரத்தின் உச்சியில், டிராகன்களைக் கொல்லப் பிறந்தவன் டிராகன் மேலேயே ஏறி வருகிறான். கையில் மின்னல். எல்லாவற்றையும் உதறிவிட்டு டிராகன்கள் பக்கம் சேர்ந்தவன் என்று, அவனை வீழ்த்தினால் கிடைக்கும் அவன் ஆன்மாவின் குறிப்பு பிறகு சொன்னது. மோதிரத்தில் படித்த 'முட்டாள்தனம்' இதுதான். முதலில் திரையின் கீழே வாகனத்தின் பெயர்தான் வருகிறது, புயலின் அரசன் என்று. அதை வீழ்த்தி அவன் தரையில் இறங்கியதும் பெயர் மாறுகிறது. நேம்லெஸ் கிங். பெயரில்லாத அரசன். நண்பனுக்கு அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பினேன். "பீடம் யாரோடதுன்னு கேட்டியே" என்று மட்டும் எழுதினேன்.

அந்தச் சண்டையில் அன்றிரவு பதினாறு முறை செத்தேன்.